பழைய கேபினெட், புது போர்டு: ஆன் பண்ணா 4 செகண்ட்ல ஆஃப், முன்பக்க வயர் எங்க தப்பு?

வேளச்சேரி வாசு | மார்ச் 2, 2024, இரவு 10.15

எங்க அப்பா 2009ல வாங்கின கேபினெட்டு, தகரம் நல்லா கனமா இருக்கு, தூக்கிப் போட மனசு வரல, அதனால மதர்போர்டு பிராசசர் ராம் மட்டும் புதுசா வாங்கி உள்ள ஏத்திட்டேன். எஸ்எம்பிஎஸ்ஸும் புதுசுதான். முன்பக்கத்துல இருந்து வர்ற பொடிப்பொடி வயரு, பவர் எஸ்டபிள்யூ, ரீசெட் எஸ்டபிள்யூ, ஹெச்டிடி எல்இடி, இதெல்லாம் மேனுவல் பாத்துத்தான் மாட்டினேன், சரியாத்தான் இருக்கு. ஆனா பட்டனை அமுக்குனா ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது, ஒரு 4 செகண்ட், பொசுக்குனு ஆஃப். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில கேட்டா எஸ்எம்பிஎஸ் போச்சு, மாத்துன்றாரு. புதுசு எப்படிங்க போகும்?

கூடவே ரெண்டு சந்தேகம். பவர் எல்இடி பிளக்குல மூணு ஓட்டை இருக்கு, போர்டுல அதுக்கு ரெண்டு பின்னுதான், உள்ள போகவே மாட்டேங்குது, அதை மாட்டாமலே விட்டிருக்கேன். அப்புறம் முன்பக்க ஹெட்போன் ஜாக்குல இருந்து ஏழு வயரு தனித்தனியா தொங்குது, ஒரே பிளக்கா இல்ல. இதை எங்க சொருகுறது?

அம்பத்தூர் கார்த்தி | மார்ச் 2, இரவு 10.40

ப்ரோ இது சிம்பிள். பவர் சுவிட்ச்ல பிளஸ் மைனஸ் மாத்தி மாட்டிருப்ப. கலர் வயர் பிளஸ், வெள்ளை இல்லன்னா கருப்பு மைனஸ். மாத்தி மாட்டினா போர்டு ப்ரொடெக்‌ஷன்ல போய் ஆஃப் ஆகும். இப்படியே ஓட்டாத, போர்டு போயிடும். திருப்பி மாட்டிப் பாரு.

பெசன்ட் நகர் பாலு | மார்ச் 3, காலை 6.20

வணக்கம் வாசு சார். ஹெட்போன் ஜாக்குக்கு எதுக்கு ஏழு வயர்? என் கேபினெட்ல ஸ்பீக்கர்னு எழுதின ஒரு நாலு ஓட்டை பிளக் வருது, சிவப்பு கருப்பு ரெண்டே வயர். அதைத்தான் நான் ஆடியோன்னு நினைச்சு மாட்டியிருக்கேன். முன்னாடி ஜாக்குல பாட்டு வரல, ஆன் பண்றப்ப பீப்னு ஒரு சத்தம் மட்டும் வருது. உங்களுக்கும் இதே பிரச்னைதானா?

ராயபுரம் ரேடியோ | மார்ச் 3, காலை 9.05

பாலு சார், அது பீப் அடிக்கிற பஸ்ஸருக்கான வயர். அதுல பாட்டு கேட்கணும்னா பீப் பாட்டுதான் கேட்கணும். மாட்டின இடம் சரி, அப்படியே விடுங்க, ராம் கழண்டா சத்தம் போட்டு சொல்லும். உங்க ஆடியோ வயர் வேற எங்கயோ சுருட்டிக் கட்டிக் கிடக்கும், தேடுங்க.

வாசு தம்பி, ஒரே ஒரு கேள்வி. ஆஃப் ஆனப்புறம் தானா திரும்ப ஆன் ஆகுதா, இல்ல செத்த மாதிரி கிடக்குதா? திரும்ப அமுக்குனா உடனே எடுக்குதா?

எஸ்எம்பிஎஸ் வாங்காதே. பதில் சொல்லு மொதல்ல.

வேளச்சேரி வாசு | மார்ச் 3, காலை 11.30

கார்த்தி சொன்ன மாதிரி வயரை திருப்பி மாட்டிட்டேன், ஒரு மாத்தமும் இல்ல, அதே 4 செகண்ட்.

அண்ணே, தானா ஆன் ஆகல. அப்படியே கிடக்குது. திரும்ப அமுக்குனா சில நேரம் எடுக்குது, சில நேரம் எடுக்கவே இல்ல, பட்டனை ரெண்டு மூணு தடவை தட்டித் தட்டி விட்டா எடுக்குது. இப்ப டைப் பண்றப்பதான் தோணுது, பட்டன் அமுக்குறப்ப டிக்குனு ஒரு சத்தம் வரணும்ல, அது வரவே இல்ல.

ராயபுரம் ரேடியோ | மார்ச் 3, மதியம் 1.10

அதான் விஷயம். உன் வயரிங் சரி, சுவிட்ச்சு ஒட்டிக்கிட்டு நிக்குது.

பவர் பட்டன்னா நம்ம வீட்டு ஃபேன் சுவிட்ச் மாதிரி கரண்டை விடுறது நிறுத்துறது கிடையாது. போர்டுல அந்த ரெண்டு பின்னுல ஒண்ணு கிரவுண்டு, இன்னொண்ணுல ஒரு ரெசிஸ்டர் வழியா 3.3 இல்ல 5 வோல்ட் சும்மா நிக்கும், பிசி ஆஃப்ல இருந்தாலும் பின்னாடி மெயின் போட்டிருந்தா அது இருக்கும். பட்டனை அமுக்குனா ரெண்டும் ஒட்டும், வோல்ட்டு கீழ விழும், போர்டு 'ஓகே, அமுக்கிட்டான்'னு புரிஞ்சுக்கும். விட்டதும் மேல ஏறும். அவ்வளவுதான் அதோட வேலை. ரெண்டு வயரை ஒட்டுறதுல ஏது பிளஸ் மைனஸ்? கார்த்தி சொன்னது எல்இடிக்கு மட்டும் சரி, சுவிட்ச்சுக்கு எப்படி மாட்டினாலும் ஒண்ணுதான்.

இப்ப ஹேங் ஆனா பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணுவோம்ல, அதுக்கு கணக்கே 4 செகண்டுதான். உன் பட்டன் உள்ள போய் திரும்பி வராம நிக்குது, போர்டு ஆன் ஆகுது, 4 செகண்ட் ஆகியும் விரல் எடுக்கலியேன்னு அதுவே ஆஃப் பண்ணிடுது. பட்டன் இன்னும் ஒட்டியே இருக்கறதால அடுத்த தடவை அமுக்குனதே அதுக்குத் தெரியல. ராம் சரியா உக்காரலன்னா வேற மாதிரி ஆகும், பெரும்பாலும் தானா ஆன் ஆகும் ஆஃப் ஆகும், திரும்ப ஆன் ஆகும், இப்படி 4 செகண்டுன்னு கரெக்டா டைம் பாத்து போகாது.

டெஸ்ட் பண்ணிடு. முன்பக்க வயரு அத்தனையும் கழட்டு, ஒண்ணு விடாம. அப்புறம் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையால பவர் பின் ரெண்டையும் ஒரு தொடு தொட்டு எடு. நிக்குதா பாரு. பின் வரிசை இதான், இப்ப வர்ற போர்டுல 9 பின் வச்சது பெரும்பாலும் இப்படித்தான், ஆனாலும் உன் மேனுவல்ல ஒருக்கா சரிபாத்துக்கோ:

```
 2      4      6     8    (10 இல்லை)
PLED+  PLED-  PWR   PWR
HDD+   HDD-   RST   RST   NC
 1      3      5     7     9
```

அம்பத்தூர் கார்த்தி | மார்ச் 3, மதியம் 1.25

ஸ்க்ரூடிரைவர் வச்சு ஷார்ட்டா? புது போர்டுல? அண்ணே ரிஸ்க் இல்லயா, அவன் கை நடுங்கி பக்கத்து பின்னுல பட்டா?

ராயபுரம் ரேடியோ | மார்ச் 3, மதியம் 2.00

இந்த ஹெட்டருக்குள்ளயே பட்டா பெருசா ஒண்ணும் ஆகாது, எல்இடி பின்னும் ரெசிஸ்டர் வழியாத்தான் வருது. பயப்பட வேண்டியது பக்கத்துல இருக்கிற யுஎஸ்பி ஹெட்டருக்கு. அதுல 5 வோல்ட் நேரா நிக்கும், அதைக் கிரவுண்டோட ஒட்டுனா கதை வேற. அதனால முனை சின்னதா இருக்கட்டும், எந்த ஹெட்டர்னு போர்டுல எழுதியிருக்கிறதை டார்ச் அடிச்சுப் படிச்சுட்டு கை வை. பயமா இருந்தா ரீசெட் பிளக்கைக் கழட்டி பவர் பின்னுல மாட்டி ரீசெட் பட்டனை அமுக்கு. அதுவும் ரெண்டு வயர் ஒட்டுற சுவிட்ச்சுதான்.

வேளச்சேரி வாசு | மார்ச் 3, இரவு 9.50

ஸ்க்ரூடிரைவருக்கு தைரியம் வரல, வீட்டுல வேற பக்கத்துலயே நின்னுக்கிட்டு 'தொடாத தொடாத'ன்றாங்க. ரீசெட் வயரைத்தான் மாட்டினேன். ஆன் ஆச்சு, நின்னுச்சு!! பயாஸ் ஸ்க்ரீன் வந்துடுச்சு, சாப்பிட்டுட்டு வந்து பாக்குறேன், இன்னும் ஓடுது.

அப்புறம் முன்பக்க பிளாஸ்டிக் மூஞ்சியைக் கழட்டினேன். பெரிய பட்டனுக்குப் பின்னால ஒரு நீட்டு குச்சி, அது போய் ஒரு குட்டி சதுர சுவிட்ச்சை அமுக்கணும். குச்சியைப் பிடிச்சு வைக்கிற ரெண்டு பிளாஸ்டிக் காதுல ஒண்ணு உடைஞ்சு போச்சு, அதனால குச்சி சாஞ்சு சுவிட்ச் மேல படுத்துக் கிடக்குது. சுவிட்ச் காலுல பச்சையா பூத்துப் போயிருக்கு. பட்டன் வெளிய பாக்க நல்லா மேல வந்த மாதிரி இருந்துச்சு, உள்ள குச்சி வரவே இல்ல.

இப்ப ரீசெட் பட்டன்தான் எனக்கு பவர் பட்டன். இப்படியே விட்டுடலாமா? ரீசெட் இல்லாம ஒண்ணும் குடி முழுகிடாதுல்ல?

ராயபுரம் ரேடியோ | மார்ச் 3, இரவு 10.15

விடு. ரீசெட்டை யாரு அமுக்குறா இந்த காலத்துல. பழைய பவர் பிளக்கை ரீசெட் பின்னுல மட்டும் மாட்டிடாத, ஒட்டுன சுவிட்ச் அங்க இருந்தா ஃபேன் சுத்தும் டிஸ்ப்ளேவே வராது, அப்புறம் ராமைக் கழட்டு கிராபிக்ஸ் கார்டைக் கழட்டுன்னு அலைவ. அதை மடிச்சு டேப் சுத்தி ஓரமா வை.

சுமதி, மேடவாக்கம் | மார்ச் 4, காலை 10.10

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க ஆபீஸ்ல கழிச்ச ஒரு பிராண்டட் பிசி வீட்டுல இருக்கு, அதோட போர்டை எடுத்து வேற சாதாரண கேபினெட்ல வைக்கப் பாத்தேன். அதுல முன்பக்க வயர் எல்லாம் சேந்து ஒரே கட்டியா ஒரு பிளக்குல வருது. போர்டுல பின் பக்கத்துல ஒண்ணுமே எழுதல, மேனுவலும் கிடையாது. மேல அண்ணா போட்ட படத்தை வச்சு பவர் வயரை மாட்டினேன், ஆன் ஆகல. எனக்கும் சுவிட்ச்தான் பிரச்னையா?

ராயபுரம் ரேடியோ | மார்ச் 4, காலை 10.45

இல்லம்மா, உங்களுது வேற கதை. பெரிய கம்பெனிங்க அவங்க அவங்க இஷ்டத்துக்கு வரிசை வச்சிருப்பாங்க, மேல இருக்கிற படம் அதுக்கு செல்லாது. பழைய கேபினெட் இருக்குல்ல? அந்தக் கட்டி பிளக்கைக் கழட்டி மல்டிமீட்டரை பீப் அடிக்கிற மோடுல வச்சு, ஓட்டை ஓட்டையா ரெண்டு ரெண்டா தொட்டுக்கிட்டே பட்டனை அமுக்குங்க. எந்த ஜோடில அமுக்குறப்ப மட்டும் பீப் வருதோ அதான் பவர். போர்டுல தேடாதீங்க, வயர்ல தேடுங்க, வயர்ல கரண்ட் கிடையாது, எங்க தொட்டாலும் ஒண்ணும் ஆகாது.

சுமதி, மேடவாக்கம் | மார்ச் 4, மதியம் 12.30

கேபினெட்டை காயலாங்கடைக்குப் போட்டாச்சே :( போர்டு மட்டும்தான் இருக்கு.

வேளச்சேரி வாசு | மார்ச் 4, இரவு 8.40

சுமதி மேடம் விஷயம் ஓடட்டும், நான் பவர் எல்இடிக்கு வர்றேன். மூணு ஓட்டையில நடு ஓட்டை காலியா இருக்கு, ரெண்டு ஓரத்துலதான் வயர். படத்துல பாத்தா 2, 4 ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. இந்த பிளக்கை வலுக்கட்டாயமா ஏத்தினா 2, 4, 6 மூணையும் மூடும், அப்ப ஒரு வயர் எல்இடி பிளஸ்லயும் இன்னொண்ணு பவர் சுவிட்ச் பின்னுலயும் போய் நிக்கும். அதான் நல்லவேளை மாட்டல. சரி இப்ப என்ன பண்ண, வெட்டிடவா?

அம்பத்தூர் கார்த்தி | மார்ச் 4, இரவு 8.55

வெட்டி தனித்தனியா சுத்திடு ப்ரோ. பின்னுல வயரைச் சுத்தி டேப் போட்டா போதும், நான் அப்படித்தான் ரெண்டு வருஷமா ஓட்டுறேன்.

ராயபுரம் ரேடியோ | மார்ச் 4, இரவு 9.20

ஐயையோ. வெட்டாத.

பிளக்கை மேல இருந்து பாரு, ஒவ்வொரு வயருக்கும் நேரா ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அதுல ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் நாக்கு. அதுதான் உள்ள இருக்கிற தகர முனையைப் பிடிச்சு வச்சிருக்கு. தையல் ஊசி முனையால நாக்கை லேசா, லேசான்னா லேசா, ஒரு நகக்கணு தூக்கு, வயரைப் பின்னால இழு, முனையோட வந்துடும். நெம்பி எடுத்தா நாக்கு உடைஞ்சுடும், அப்புறம் பிடிக்காது. வந்த முனையை நடு ஓட்டையில தள்ளு, பளபளன்னு தெரியற முள்ளு ஜன்னல் பக்கம் இருக்கணும், டிக்குனு உக்காரும். இப்ப ரெண்டு வயரும் பக்கத்துல பக்கத்துல வந்துடுச்சு. ஒரு ஓட்டை காலியா ஓரத்துல நிக்கும், அது அடுத்த பின்னை மறைச்சா பிளேடால அந்த ஓட்டைப் பகுதியை மட்டும் சீவிடு.

அதுக்கு முன்னாடி மேனுவல்ல ஒருக்கா பாரு, சில போர்டுல மூணு பின் எல்இடிக்குன்னே தனியா ஒரு ஹெட்டர் பக்கத்துல கொடுத்திருப்பான். இருந்தா இவ்வளவு வேலையே வேணாம்.

வேளச்சேரி வாசு | மார்ச் 5, இரவு 7.30

தனி ஹெட்டர் இல்ல. ஊசி வேலைதான் பண்ணேன். முதல் நாக்கு அழகா தூக்குச்சு, வயரு வழுக்கிக்கிட்டு வந்துச்சு. ஜன்னல் அப்படியே இருக்கு, உடையல.

மாட்டினா லைட்டு எரியல. பிளக்கை திருப்பி மாட்டினா எரியுது. பச்சை வயர் பிளஸ்ஸா இருக்கும்னு நினைச்சா என் கேபினெட்ல வெள்ளைதான் பிளஸ் போல. ஆக கலரை நம்பாதீங்க மக்களே, எரியலன்னா திருப்புங்க, எல்இடி திருப்பி மாட்டினா சும்மா எரியாம இருக்கும், வேற ஒண்ணும் கெடாது.

இன்னொண்ணு. ஹெச்டிடி லைட்டு ஒரு தடவைகூட மினுக்கல. திருப்பியும் மாட்டிட்டேன்.

அம்பத்தூர் கார்த்தி | மார்ச் 5, இரவு 7.45

எல்இடி புட்டுக்கிச்சு. 2009 லைட்டு.

வேளச்சேரி வாசு | மார்ச் 5, இரவு 8.10

இல்லயே, அதே எல்இடி வயரை பவர் எல்இடி பின்னுல வச்சா எரியுது. லைட்டு நல்லாத்தான் இருக்கு.

ராயபுரம் ரேடியோ | மார்ச் 5, இரவு 8.30

நல்ல டெஸ்ட்டு பண்ணியிருக்க. உன்னுது குச்சி மாதிரி இருக்குமே, என்விஎம்இ எஸ்எஸ்டி, அதானே? நிறைய போர்டுல அந்த லைட்டு சாட்டா டிஸ்க்குக்குத்தான் மினுக்கும். என்விஎம்இ ஓடுறது அந்த லைட்டுக்குத் தெரியாது. பழைய ஹார்டு டிஸ்க் ஏதாவது இருந்தா மாட்டி ஒரு படம் காப்பி பண்ணு, மினுக்கினா வயர் சரி.

அம்பத்தூர் கார்த்தி | மார்ச் 5, இரவு 8.40

என்னோடது என்விஎம்இதான், மினுக்குதே?

ராயபுரம் ரேடியோ | மார்ச் 5, இரவு 8.50

போர்டுக்கு போர்டு மாறும்னுதானே சொன்னேன். 'நிறைய'ன்னா 'எல்லா'ன்னு அர்த்தமா தம்பி?

வேளச்சேரி வாசு | மார்ச் 6, இரவு 9.15

ஹார்டு டிஸ்க் மாட்டிப் பாக்க நேரம் இல்ல, அந்த லைட்டு கிடக்கட்டும். இப்ப ஏழு வயர். வயர் முனையில பொடி எழுத்துல எழுதியிருக்கு, மொபைல்ல போட்டோ எடுத்து பெருசாக்கிப் படிச்சேன். மைக் இன், மைக் பவர், ஜிஎன்டி, லைன் அவுட் ஆர், லைன் அவுட் எல், ரெட் ஆர், ரெட் எல். ரெட்னா சிவப்புன்னு நினைச்சேன், ரெண்டுமே நீலமா இருக்கு :D

போர்டுல ஆடியோ ஹெட்டர் இடது கீழ் மூலையில, பின்பக்க ஜாக்குங்க பக்கமா இருக்கு. கேபினெட் முன்னாடி வலது பக்கத்துல இருந்து அங்க வரைக்கும் வயர் எட்டுறதே கஷ்டமா இருக்கு. கார்த்தி போன்ல பேசறப்ப, யுஎஸ்பி ஹெட்டரும் 9 பின்னுதான், பக்கத்துலயே இருக்கு, அதுல போட்டுப் பாருன்றான். பண்ணலாமா?

ராயபுரம் ரேடியோ | மார்ச் 6, இரவு 9.25

பண்ணாத!! அப்பவே சொன்னேன், அதுல நேரா 5 வோல்ட்.

மூணுமே 9 பின்னுதான், ஆனா எந்த பின் இல்லங்கிறது வேற வேற. யுஎஸ்பியில ஒரு ஓரத்து மூலை காலி, முன்பக்க சுவிட்ச் ஹெட்டர்லயும் மூலைதான். ஆடியோல மட்டும் மூலை இல்ல, ஓரத்துல இருந்து ஒண்ணு தள்ளி உள்ள, 8வது பின் காலி. முழு பிளக்கா இருந்தா அந்த இடத்துல அடைச்சிருக்கும், அதனால வேற இடத்துல ஏறாது. உன்னுது தனித்தனி வயரு, எதுல வேணா ஏறும், அதான் ஆபத்து.

உன் கேபினெட் ஜாக்கு ஏசி97 காலத்துது. புது போர்டு ஹெச்டி ஆடியோ. வரிசை பாரு:

```
1  MIC_L     2  GND
3  MIC_R     4  PRESENCE#
5  OUT_R     6  MIC_RET
7  J_SENSE   8  (இல்லை)
9  OUT_L    10  OUT_RET
```

மைக் இன் 1ல, ஜிஎன்டி 2ல, அவுட் ஆர் 5ல, அவுட் எல் 9ல. நாலு போதும். ரெட் ரெண்டையும் மாட்டாத. பழைய காலத்துல அந்த ரெண்டு வயரு வழியாத்தான் சத்தம் பின்பக்க ஸ்பீக்கருக்குத் திரும்பிப் போகும், முன்னாடி ஹெட்போன் சொருகுனா கட் ஆகும். புது போர்டுல அதே 6, 10 பின்னுங்க ஜாக்குல எதாவது சொருகியிருக்கான்னு கண்டுபிடிக்கிறதுக்கு. சத்தத்தைக் கொண்டுபோய் அதுல விட்டா அது குழம்பும். மைக் பவரும் வேணாம், டேப் சுத்தி விடு.

பெசன்ட் நகர் பாலு | மார்ச் 7, காலை 6.05

ரேடியோ சார், நீங்க சொன்ன மாதிரி தேடினேன். டிவிடி டிரைவுக்குப் பின்னால ரப்பர் பேண்டு போட்டு ஒரு கருப்பு கேபிள், அதுல ரெண்டு பிளக் இருக்கு, ஒண்ணுல ஹெச்டி ஆடியோன்னும் இன்னொண்ணுல ஏசி97ன்னும். ரெண்டையும் மாட்டணுமா? போர்டுல ஒரு இடம்தான் இருக்கு.

ராயபுரம் ரேடியோ | மார்ச் 7, காலை 8.00

ஹெச்டி மட்டும் சார். இன்னொண்ணு சும்மா தொங்கட்டும், அதை யுஎஸ்பில தொங்க விட்டுடாதீங்க.

வேளச்சேரி வாசு | மார்ச் 9, மாலை 4.20

சனிக்கிழமை வேலை முடிஞ்சு உக்காந்தேன். முதல்ல ஒவ்வொரு வயரா குனிஞ்சு சொருகப் பாத்தா ஒண்ணு போடுறப்ப இன்னொண்ணு கழண்டு வருது, ஒத்தை ஓட்டை பிளக்கு பிடிமானமே இல்ல. அப்புறம் வெளியவே நாலையும் வரிசைப்படி அடுக்கி, நடுவுல காலி இடத்துக்கு தீக்குச்சித் துண்டு வச்சு, நூலால இறுக்கிக் கட்டி ஒரே கட்டியா ஆக்கிட்டு மொத்தமா அமுக்கினேன். நின்னுடுச்சு.

ஹெட்போன் சொருகுனா விண்டோஸுக்கு ஒண்ணும் தெரியல. சத்தம் பின்னாடி ஸ்பீக்கர்ல மட்டும்.

ராயபுரம் ரேடியோ | மார்ச் 9, மாலை 5.00

தெரியாது. கண்டுபிடிக்கிற வயரே இல்லயே உன் ஜாக்குல. ரியல்டெக் ஆடியோ சாஃப்ட்வேர் செட்டிங்ஸ்ல `Disable front panel jack detection` மாதிரி ஒரு டிக் இருக்கும், அதைப் போடு. இல்லன்னா பயாஸ்ல முன்பக்க பேனல் வகை `HD` ன்னு இருக்கும், `AC97` ஆக்கு. சில போர்டுல ஒண்ணுதான் இருக்கும், சில போர்டுல ரெண்டுமே இருக்காது.

வேளச்சேரி வாசு | மார்ச் 9, இரவு 8.35

டிக் போட்டேன், ஹெட்போன்ல பாட்டு வருது. ஆனா பின்னாடி ஸ்பீக்கரும் கூடவே பாடுது, ஹெட்போன் மாட்டினா அது நிக்கல, கையாலதான் சவுண்டைக் குறைக்கணும். ரெட் வயர் இல்லாததுக்கு இதுதான் விலை போல.

மைக்குதான் சுத்தமா கேட்கல. ஆபீஸ் மீட்டிங்குக்கு வேணும்.

அம்பத்தூர் கார்த்தி | மார்ச் 9, இரவு 8.50

மைக் பவர் வயரை 3ல போடு ப்ரோ. மைக்குக்கு கரண்ட் வேணும்ல.

ராயபுரம் ரேடியோ | மார்ச் 9, இரவு 9.10

ஹெச்டி போர்டுல 1வது பின்னுலயே மைக்குக்கு வேண்டிய சின்ன வோல்ட் வந்துடும், தனியா எதுக்கு. முதல்ல ரெக்கார்டிங் வால்யூமைப் பாரு, முன்பக்க மைக்கு மியூட்ல இருக்கும்.

வேளச்சேரி வாசு | மார்ச் 10, காலை 10.30

அண்ணே வால்யூம் ஃபுல். கேட்கல. கார்த்தி சொன்னபடி 3ல போட்டதும் கேட்குது! சத்தம் கம்மிதான், பக்கத்துல வச்சுப் பேசணும், ஆனா கேட்குது.

ராயபுரம் ரேடியோ | மார்ச் 10, காலை 11.00

உன் மைக்கு பிளக்குல நடு வளையத்துல வோல்ட் எதிர்பாக்குற வகையா இருக்கும். 3வது பின்னுலயும் போர்டு அதே மாதிரி வோல்ட் விடும், அதான் வேலை செய்யுது. கார்த்திக்கு ஒரு பாயிண்ட்டு. ஆனா எல்லா மைக்குக்கும் இது வேணும்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

அம்பத்தூர் கார்த்தி | மார்ச் 10, காலை 11.02

ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டேன் அண்ணே 😎

சுமதி, மேடவாக்கம் | மார்ச் 10, மதியம் 3.15

என் போர்டுல மெயின் போட்டு, மீட்டர் கருப்பு முனையை யுஎஸ்பி போர்ட் தகரத்துல வச்சு சிவப்பால ஒவ்வொரு பின்னா தொட்டேன். பிசி ஆஃப்ல இருக்கப்பவே ரெண்டு பின்னுல 3.3 கிட்ட காட்டுது. இதுல எது பவர்?

ராயபுரம் ரேடியோ | மார்ச் 10, மாலை 6.40

மீட்டர் வச்சு பாதிக்கு மேல வந்துட்டீங்க. அதுக்கு மேல போர்டைப் பாக்காம நான் சொன்னா அது குருட்டு யோசனை. ஒண்ணு பவரா இருக்கும், இன்னொண்ணு ஏதோ சிக்னலா இருக்கலாம், நேரா ஒட்டிப் பாக்காதீங்க. போர்டு ரெண்டு பக்கமும் போட்டோ போடுங்க, எழுதியிருக்கிற நம்பர் தெரியணும். அதே மாடல் பிசி வச்சிருக்கிறவங்க யாராவது இருந்தா அவங்க வயர் கலரைப் பாத்துச் சொன்னா இன்னும் நல்லது.

வேளச்சேரி வாசு | மார்ச் 12, இரவு 10.05

புதுசா ஒண்ணு. முன்பக்க ஹெட்போன்ல பாட்டு நிறுத்தினா சின்னதா ஒரு ஜீ சத்தம், மவுசை நகத்துனா அது கீச் கீச்னு மாறுது. பின்பக்க ஜாக்குல இது சுத்தமா இல்ல. ஆடியோ வயர் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில போகுதுன்னு போர்டோட கீழ் ஓரமா இழுத்து விட்டேன், பாதி குறைஞ்சது, போகல.

ராயபுரம் ரேடியோ | மார்ச் 12, இரவு 10.30

உன்னுது வெறும் வயரு, மேல கவசம் கிடையாது. பாலு சாரோட கருப்பு கேபிளுக்குள்ள வலை சுத்தியிருக்கும், அது இரைச்சலை எடுத்துக்கும். எட்டுற அளவுக்கு தள்ளி விட்டாச்சுன்னா அவ்வளவுதான். கிரவுண்ட் வயரை மத்த நாலோட சேத்து முறுக்கி விட்டுப் பாரு, கொஞ்சம் அடங்கலாம்.

வேளச்சேரி வாசு | மார்ச் 14, இரவு 9.00

முறுக்கி விட்டேன், வித்தியாசம் எனக்குத் தெரியல, வீட்டுல 'இப்ப பரவாயில்ல'ன்றாங்க. பின்பக்க ஜாக்குல ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு மேசை மேல கொண்டு வந்துட்டேன், மைக்குக்கு மட்டும் முன்பக்கம். ஹார்டு டிஸ்க் லைட்டை இன்னும் டெஸ்ட் பண்ணல, யாராச்சும் பழைய சாட்டா டிஸ்க் ஒரு நாளைக்குக் கடன் குடுத்தா வேளச்சேரி பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கிறேன்.

பெசன்ட் நகர் பாலு | மார்ச் 15, காலை 6.10

என்கிட்ட 80 ஜிபி ஒண்ணு இருக்கு சார், ஆனா அதுல அகலமான நாடா கேபிள் வருது. அது சாட்டாவா?

அம்பத்தூர் கார்த்தி | மார்ச் 15, காலை 9.30

இல்ல அங்கிள் 😂 அது ஐடிஇ. என்கிட்ட 500 ஜிபி சாட்டா இருக்கு, ஞாயித்துக்கிழமை கொண்டாறேன் வாசு.